புதுப்பிப்பு: தினசரிக் குறைப்பா, மாதக் குறைப்பா?

கேட்டிருந்தது: "ஒரே கடன், ஒரே வட்டி. தினசரிக் குறைப்பில் எவ்வளவு மிச்சமாகும்?"

பின்னூட்டங்களைப் பார்த்தபின் கணக்கை முழுதாகப் போடுகிறேன். மாதக் குறைப்பில் மாதத் தொடக்க நிலுவைக்கு மாதம் முழுதும் வட்டி; தினசரிக் குறைப்பில் அன்றன்றைய நிலுவைக்கு நாள் கணக்கில் வட்டி. நிலுவை 10,00,000 ரூபாய், ஆண்டு வட்டி 12%, 30 நாள் மாதம், தவணை மாதக் கடைசியில்.

மாதக் குறைப்பில் வட்டி 10,000. தினசரியில் நாளுக்கு 328.77, மாதத்துக்கு 9,863.

"பார்த்தீர்களா, தினசரிதான் மலிவு" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதி சரி. 31 நாள் மாதத்தில் அதே தினசரி 10,192 ஆகிவிடும். தவணையை மட்டும் தேதி தவறாமல் கட்டுபவருக்கு ஆண்டுக் கணக்கில் வித்தியாசம் மிகச் சொற்பம்.

இடையில் அசலைக் குறைத்தால்தான் கதை மாறும். 30 நாள் மாதத்தில் 11ஆம் தேதி காலை 2,00,000 கட்டினால்:

```
10,00,000 × 12% ÷ 365 × 10 = 3,288
 8,00,000 × 12% ÷ 365 × 20 = 5,260
மொத்தம்                    = 8,548
```

மாதக் குறைப்பில் அப்போதும் 10,000தான். கட்டிய பணம் அடுத்த மாதம்தான் கணக்கில் ஏறும். அங்கே மாதக் கடைசியில் கட்டுவதே புத்திசாலித்தனம்.

தவணையையே ஐந்து நாள் முன்னதாகக் கட்டும் நண்பருக்கு: சில இடங்களில் அதை முன்பணமாக வைத்திருந்து, தவணைத் தேதியில்தான் வரவு வைப்பார்கள். உங்கள் கணக்கு அறிக்கையில் அசல் எந்தத் தேதியில் குறைந்திருக்கிறது?