விடைபெறும் நண்பருக்கு எளிய உருது ஈரடி வேண்டும்

ஹைதராபாத்தில் எங்கள் அலுவலக நண்பர் ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறார். வீட்டில் உருது பேசுபவர். அவருக்கான அட்டையில் எழுத ‘ஷேர்’ எனப்படும் எளிய உருது ஈரடி ஒன்று தேவை. பலரும் சொல்வது உருதுக் கவிஞர் பஷீர் பத்ரின் ‘உஜாலே அப்னீ யாதோன் கே’. உங்கள் நினைவுகளின் வெளிச்சம் எங்களோடு இருக்கட்டும் என்ற முதல் அடி அருமை. இரண்டாம் அடியோ வாழ்வின் அந்தி எந்தத் தெருவில் வருமோ என்று மரணத்தைத் தொடுகிறது. மாற்றலாகிப் போகிறவருக்கு அது எதற்கு?

தோஸ்தி, துஆ, குஷி போன்ற அன்றாடச் சொற்களில், காதலும் மதுவும் கலக்காத ஈரடி தெரிந்தால் தாருங்கள். அலுவலகமே கையெழுத்திடும் அட்டை அல்லவா! தமிழ் எழுத்தில் உச்சரிப்போடு, உருது வடிவத்தைப் படமாகவும் அனுப்புங்கள். எழுத்துகள் இணையும் இடங்களைப் பார்த்து எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அட்டையைக் கொடுக்கிறோம்.