பழைய ஸ்விஃப்ட்: சான்றிதழ் கொடுக்கிற டீலரா, நேரடி ஓனரா?

பீளமேட்டுக்காரன்:
வணக்கம். வீட்டுக்காரம்மா தினமும் சூலூர் வரைக்கும் வேலைக்குப் போய்வர ஒரு கார் வேணும். ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன், ரெண்டுமே 2018 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல். ஒண்ணு கம்பெனி டீலரோட பழைய கார் ஷோரூம்ல: டிஎன் 22 நம்பர், 48,000 கிலோமீட்டர், 5.30 லட்சம், சான்றிதழும் ஒரு வருஷ வாரண்டியும் உண்டு. இன்னொண்ணு துடியலூர்ல ஓனர்கிட்ட நேரடியா: டிஎன் 38, 62,000 கிலோமீட்டர், 4.65 லட்சம், பேங்க் லோன் 80,000 பாக்கி. எனக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. 65,000 அதிகம் கொடுத்து டீலர்கிட்ட வாங்கறது சரிங்களா?

நாலு சக்கரம்:
துடியலூர் வண்டியை எடுங்க. அந்த 65,000 எங்க போகுதுன்னு யோசிங்க: டீலர் லாபம், ஷோரூம் வாடகை, அதுக்கு மேல ஜிஎஸ்டி. பழைய காருக்கு இப்ப 18 சதவீதம் வரி. 5.30 லட்சத்துக்கு 18 சதவீதம் போட்டுப் பாருங்க, தலை சுத்தும். தனி ஆள் தனி ஆளுக்கு வித்தா வரியே கிடையாது. ஓனரை நேர்ல பார்த்து, எப்படி ஓட்டினார், எங்க சர்வீஸ் விட்டார்னு கேட்கலாம். ஷோரூம்ல இருக்கிற சேல்ஸ் பையனுக்கு அந்த வண்டியைப் பத்தி என்ன தெரியும்?

ஈரோட்டுக் கணக்கர்:
வரி விஷயம் தப்புங்க. 2025 ஜனவரியில இருந்து டீலர் விக்கிற எல்லாப் பழைய காருக்கும் 18 சதவீதம்தான், ஆனா அது முழு விலை மேல இல்லை. டீலர் வாங்கின விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவில இருக்கிற வித்தியாசத்து மேலதான். வித்தியாசம் 80,000னா வரி 14,400. இதை வச்சு டீலர் வேண்டாம்னு முடிவு பண்ண முடியாது.

துடியலூர் வண்டியும் 4.65ல நிக்காது. 2018ல போட்ட டயரே இன்னும் இருந்தா நாலையும் மாத்தணும், 18,000 ஆயிடும். 62,000 கிலோமீட்டர் டவுன்ல ஓடின வண்டின்னா கிளட்ச் எப்ப வேணாலும் கேட்கும், அதுக்கு ஒரு 10,000. பார்க்கிற மெக்கானிக், பெயர் மாத்துற செலவு, இன்சூரன்ஸ் பெயர் மாத்தும்போது பழைய ஓனரோட நோ கிளெயிம் போனஸ் கழிவு போயிடுறதால கட்டவேண்டிய மீதித் தொகை, எல்லாம் ஒரு 9,000. கூட்டினா ஐந்து லட்சத்துக்குப் பக்கத்தில வந்துடுது. நிஜமான வித்தியாசம் 65,000 இல்லை, 28,000 சொச்சம். டீலர்கிட்டயும் எழுத்தில கேளுங்க: டயர் எந்த வருஷம், பெயர் மாத்துற செலவு விலைக்குள்ளயா வெளியயா?

நாலு சக்கரம்:
வரிக் கணக்கை ஒத்துக்கறேன் சார். ஆனா டயர், கிளட்ச் எல்லாம் சொல்லித்தானே ஓனர்கிட்ட விலை குறைப்போம்? 4.65னு சொல்ற ஆள் 4.45க்கு இறங்குவார். ஷோரூம்ல 5,000 குறைக்கறதே பெரிய பாடு.

சேலத்துக்காரி:
விலை பேசறவங்க யாரும் லோனைப் பத்திப் பேச மாட்டேங்கறீங்க. நான் ஓனர்கிட்ட நேரடியா வாங்கினேன், நல்ல மனுஷர். முழுப் பணமும் அவர் அக்கவுண்ட்ல போட்டேன், லோனை அடைச்சிடுறேன்னார். அடைக்க நாளாச்சு. அதுக்கப்புறம் பேங்க் தடையில்லாச் சான்று கொடுக்க இன்னும் நாளாச்சு. ஆர்சியில பேங்க் பெயர் நீங்காம என் பெயர் ஏறாது. அது வரைக்கும் வண்டி என் வீட்டு வாசல்ல, காகிதம் அவர் பெயர்ல. மழைக்காலத்துல மரக்கிளை விழுந்து கண்ணாடி உடைஞ்சது, இன்சூரன்ஸ்ல ஒரு பைசா வரலை. ஏன்னு கேட்டா பாலிசி என் பெயர்ல இல்லையாம். தேர்ட் பார்ட்டி காப்பு வண்டியோட சேர்ந்து நமக்கு வந்துடும், ஆனா நம்ம வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான காப்பு தானா வராது, பெயர் மாத்தினாத்தான். 14 நாளுக்குள்ள எழுதிக் கொடுக்கணும்.

டீலர்கிட்ட 28,000 அதிகம்னா நான் அதை இந்த அலைச்சலுக்குக் கொடுக்கிற கூலின்னு எடுத்துக்குவேன். வேலைக்குப் போற பொம்பளை, ஆர்டிஓ ஆபீஸுக்கும் பேங்குக்கும் லீவு போட்டு எத்தனை தடவை நடக்கிறது?

மதுரைக்காரன்:
இதே குழப்பம்தான் எனக்கும். என் ஐ10 காரை டீலர்கிட்ட கொடுக்கிறதா, தெரிஞ்சவர்கிட்ட விக்கிறதா? முன்னாடி ஒரு பைக்கைத் தெரிஞ்சவர்கிட்ட வித்து, அவர் பெயரே மாத்தலை. ஹெல்மெட் போடலைன்னு அபராதம் இன்னும் எனக்குத்தான் வருது.

ஈரோட்டுக் கணக்கர்:
இங்க கேட்டது வாங்கறதைப் பத்திங்க, ஆனாலும் சொல்றேன். அபராதம் சின்ன விஷயம். விபத்துன்னா, ஆர்சியில பெயர் இருக்கிறவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீடு கொடுக்க வேண்டியதும் அவர்தான்னு உச்ச நீதிமன்றம் 2018ல ஒரு வழக்குல தெளிவாச் சொல்லியிருக்கு. வித்த 14 நாளுக்குள்ள படிவம் 29 கொடுத்து ஆர்டிஓவுக்குத் தெரிவிங்க. ஆர்டிஓ அங்கீகாரம் வாங்கின டீலர்னா, 2023 ஏப்ரல்ல வந்த விதிப்படி வண்டியை அவர்கிட்ட ஒப்படைச்சதைப் படிவம் 29சியில ஆன்லைன்ல பதியலாம். அப்புறம் அந்த வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. அங்கீகாரம் இருக்கான்னு முதல்ல கேளுங்க, பல பேர்கிட்ட இல்லை.

பட்டறைக்காரர்:
இவ்வளவு நேரம் ஓனர் வண்டியில மட்டும்தான் ஆபத்துன்ற மாதிரி பேசிட்டிருக்கீங்க. பீளமேட்டுத் தம்பி, ஷோரூம் வண்டியோட நம்பரைப் பாருங்க. டிஎன் 22 மீனம்பாக்கம். 2018 வண்டி, சென்னையில தென்பக்கம் ஓடினது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனை கார் முழுகிச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். உங்க வண்டி முழுகினதுன்னு சொல்லலை. ஆனா அந்த ஊர் வண்டியை அந்த சந்தேகத்தோடதான் பார்க்கணும், யார் சான்றிதழ் கொடுத்தாலும்.

தண்ணியில நின்ன வண்டியைக் கழுவி, சீட் கவர் மாத்தி, சென்ட் அடிச்சு நிறுத்துவாங்க. அவங்க கை போகாத இடம் சிலது இருக்கு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளிய இழுங்க, உள்ள சுருண்டு கிடக்கிற பகுதியில சேத்துக் கறை கோடு போட்ட மாதிரி தெரியும். முன் சீட்டுக்கு அடியில இருக்கிற போல்ட்டைப் பாருங்க. சீட்டுக்கு அடியில மழைத்தண்ணி போகாது, அங்க துரு இருந்தா தண்ணி உள்ள வந்திருக்கு. டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தா அடியில மண் படிஞ்சிருக்கும். இதெல்லாம் இன்ஜினை விட முக்கியம், ஏன்னா முழுகின வண்டியில முதல்ல போறது வயரிங் கனெக்டர். உள்ள பச்சை பூத்து, ஒரு நாள் பவர் ஸ்டீயரிங் போகும், இன்னொரு நாள் ஏர்பேக் லைட் எரியும்.

இப்ப அந்த வாரண்டிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, எதெல்லாம் அதுக்குள்ள வராதுன்னு போட்டிருக்கிற பக்கத்தைப் படிங்க. இந்த மாதிரி வாரண்டி பெரும்பாலும் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும்தான். கிளட்ச், பிரேக், பேட்டரி, டயர் பெரும்பாலும் வராது. வயரிங்கையும் பல வாரண்டியில விட்டுடுவாங்க. ஆக சென்னை வண்டியில எதுக்குப் பயப்படணுமோ அதுக்கு வாரண்டி இல்லாம இருக்கலாம். அந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் இன்ஜினோ, எண்ணெய் ஒழுங்கா மாத்தினா 60,000, 70,000ல தொந்தரவே கொடுக்காது. இன்னொண்ணு, ஒரே ஷோரூம்ல சான்றிதழ் வண்டியும் சான்றிதழ் இல்லாத வண்டியும் பக்கத்துப் பக்கத்துல நிக்கும். உங்க வண்டி நம்பர் போட்ட சான்றிதழைக் கையில வாங்கிப் பாருங்க.

சேலத்துக்காரி:
அண்ணா, அப்ப கம்பெனிக்காரங்க பரிசோதனை பண்றாங்கன்றது சும்மாவா?

பட்டறைக்காரர்:
சும்மா இல்லைம்மா. மீட்டர் திருத்தின வண்டி, சேசிஸ் வளைஞ்ச வண்டியெல்லாம் பெரும்பாலும் அவங்க வடிகட்டிடுவாங்க. கம்பெனி சர்வீஸ் பதிவு அவங்க கையிலயே இருக்கு. அது நிஜமான லாபம். ஆனா வாங்கறது விக்கிறது ரெண்டும் அவங்களே, பரிசோதனையும் அவங்களே. எனக்கு அது போதாது.

ஈரோட்டுக் கணக்கர்:
பட்டறைக்காரர் சொன்னதோட ஒரு காகிதத்தையும் சேர்த்துப் பாருங்க. ஷோரூம்ல பழைய ஓனரோட இன்சூரன்ஸ் பாலிசி நகல் கேளுங்க, குறிப்பா 2024ல புதுப்பிச்சது. நோ கிளெயிம் போனஸ்னு ஒரு வரி இருக்கும். கிளெயிம் பண்ணாத முதல் வருஷம் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, அஞ்சு வருஷம் ஆனா 50. 2018 வண்டிக்கு 2024ல பூஜ்யம்னு இருந்தா, அதுக்கு முந்தின வருஷம் கிளெயிம் போயிருக்க நிறைய வாய்ப்பு. புயல் வந்த வருஷமும் அதுதான். 50 இருந்தா கொஞ்சம் நிம்மதி. ஆனா அந்த போனஸ் வண்டியோடது இல்லை, ஆளோடது. ஓனர் வேற வண்டியிலிருந்து கொண்டு வந்திருக்கவும் முடியும். அதனால சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறதை விட்டுடாதீங்க.

நாலு சக்கரம்:
பார்த்தீங்களா, கடைசியில ஓனர் வண்டிதான் ஜெயிக்குது.

பட்டறைக்காரர்:
அவசரப்படாதீங்க சார். ஓனர்னு விளம்பரம் போடுறதுல பாதிப் பேர் புரோக்கர். ஆர்சியில ஒரு பெயர், பேசுறது வேற ஆள், பெயர் மாத்துற படிவம் 29, 30 கையெழுத்தோட தயாரா இருக்குன்னு சொன்னா அங்கேயே திரும்பிடுங்க. பெயர் மாத்தும்போது ஆர்சியில பதிவான போன் நம்பருக்கு ஓடிபி வரும், அந்த நம்பரை வச்சிருக்கிறவர் எதிர்ல நிக்கணும்.

துடியலூர் வண்டியில எனக்கு இருக்கிற கேள்வி, 62,000 நிஜமான்றதுதான். வண்டி நம்பரைச் சொல்லி ஓனரையே கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிட்டுப் போய், ஒவ்வொரு சர்வீஸுக்கும் எத்தனை கிலோமீட்டர்னு பதிவு கேளுங்க. நடுவில குறைஞ்சிருந்தா கதை முடிஞ்சது. 40,000க்கு அப்புறம் பதிவே இல்லைன்னா வெளிய சர்வீஸ் விட்டிருக்கலாம், பில் கேளுங்க. அப்புறம் ஸ்கேனர் வச்சிருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிப் போங்க. கோளாறு எதுவும் இல்லைன்னு காட்டினா மட்டும் போதாது. கார் தன்னைத் தானே சோதிக்கிற பட்டியல் ஒண்ணு ஸ்கேனர்ல வரும், அதுல பாதி 'முடியலை'ன்னு இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடி யாரோ கோளாறை அழிச்சிருக்காங்க. பேட்டரி புதுசா மாத்தினாலும் அப்படிக் காட்டும், அதையும் கேட்டுக்கோங்க.

பீளமேட்டுக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. அந்த 80,000 லோனை எப்படிப் பாதுகாப்பா முடிக்கிறது?

சேலத்துக்காரி:
ஓனர் கையில ஒரு ரூபாய் கொடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து பேங்குக்குப் போங்க. லோனை முடிக்க எவ்வளவுன்னு எழுத்தில கேளுங்க, அந்தத் தொகையை நேரா லோன் கணக்குல கட்டுங்க. மிச்சத்துல பெரும்பகுதியை, பேங்க் தடையில்லாச் சான்றும், ஆர்சியில இருந்து பேங்க் பெயரை நீக்குற படிவம் 35ம் கையில வந்த பிறகு கொடுங்க. சான்று பெரும்பாலும் மூணு மாசம்தான் செல்லும், கிடப்பில போடாதீங்க. வண்டியை எடுக்கிற அன்னைக்கே பாலிசி மாத்த எழுதிக் கொடுங்க. ஓனர் இதுக்கு ஒத்துக்கலைன்னா நான் ஷோரூமுக்குத்தான் போவேன், 28,000 போனாலும் பரவாயில்லை.

நாலு சக்கரம்:
நான் போகமாட்டேன், வேற ஓனரைத் தேடுவேன்.

பீளமேட்டுக்காரன்:
சனிக்கிழமை காலையில ஷோரூம் போய் சீட் பெல்ட்டும் 2024 பாலிசியும் பார்க்கறேன். மத்தியானம் துடியலூர் ஓனர் சர்வீஸ் சென்டருக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார். லோன் பணத்தை பேங்க்ல நேரா கட்டுறேன்னு சொன்னதுக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லலை.