பலகை போல் இறுகிய வயிறு: சி.டி.க்குக் காத்திருக்கலாமா?

நோயாளிக்கு வயது 62. நெடுநாளாக மூட்டுவலி மாத்திரை சாப்பிடுபவர். 6 மணி நேரம் முன்பு திடீரெனக் கடும் வயிற்றுவலி. இருமவே பயந்து அசையாமல் படுத்திருக்கிறார். தொட்டால் வயிறு பலகை மாதிரி. மூச்சுக்குக்கூட ஏறி இறங்கவில்லை.

நிமிர்த்தி எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரியவில்லை. அதை வைத்துக் குடலில் ஓட்டை இல்லை என்று சொல்லிவிட முடியாது. இப்போது வலி குறைந்ததாகச் சொல்கிறார். ஆனால் நாடி 110-லிருந்து 124, ரத்த அழுத்தம் 90/60. குடல் கழிவு வயிற்றறையில் பரவிக் கிருமி ரத்தத்தில் கலக்கிறதோ என்றுதான் பயம்.

வாய்வழி எதுவும் தரவில்லை. மூக்குக்குழாய், சலைன் 1 லிட்டர், செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல், மார்ஃபின் எல்லாம் கொடுத்தாயிற்று. அறுவை அரங்கு 40 நிமிட தூரம், ஆம்புலன்ஸ் தயார். இங்கே சி.டி. எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

சி.டி. எடுக்காமலே இப்போதே அனுப்பிவிடலாமா?