வள்ளத்தின் படம் புள்ளிக் கோலமானபோது ஈர மணல் பச்சையாக வந்தது: உங்கள் அனுபவம் என்ன?

தங்கச்சிமடத்திலிருந்து

அப்பா தொழிலுக்குக் கொண்டுபோன வள்ளத்தைச் சென்ற ஆண்டு விற்றுவிட்டோம். விற்பதற்கு முந்தைய நாள் காலையில், கரையில் ஏற்றி வைத்திருந்த நிலையில், கைப்பேசியில் அதை ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் படத்தையே பொங்கலன்று வாசலில் புள்ளிக் கோலமாகப் போட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். கோடு கிடையாது, புள்ளிக்கு ஒரு வண்ணம் மட்டும்தான். தூரத்தில் நின்று பார்த்தால் வள்ளம் தெரிய வேண்டும்.

படம் 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்டது. வாசலில் 10 அடிக்கு ஏழரை அடி இடம் இருந்தது. 3 அங்குலத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்து, 40 புள்ளி, 30 வரிசை, மொத்தம் 1200 புள்ளி என்று முடிவு செய்தேன். ஆகவே படத்தில் 100-க்கு 100 பிக்சல் கொண்ட ஒவ்வொரு கட்டமும் வாசலில் ஒரு புள்ளியாகிறது.

முதலில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவில் உள்ள ஒரே ஒரு பிக்சலின் நிறத்தை எடுத்துப் பார்த்தேன். வள்ளத்தின் பக்கப் பலகையில் வண்ணம் உரிந்திருந்த ஒரு சிறு இடம் அந்த நடுவில் விழுந்ததால், முழுக்க நீலமாக இருந்த பலகையின் நடுவே காவிப் புள்ளி ஒன்று வந்து நின்றது. பிறகு கட்டத்தில் உள்ள 10,000 பிக்சல்களின் சராசரியை எடுத்தேன், அந்தக் கறை மறைந்தது. கீழே உள்ள நிரலில் `BOX` என்பது அந்தச் சராசரிதான்.

அடுத்து, எங்களிடம் இருந்த ஆறு பொடிகளையும் வாசல் சிமெண்டுத் தரையிலேயே இரண்டு விரல் அகலத்துக்குத் தூவி, ஆறும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து, அவற்றின் நிற எண்களைக் குறித்துக்கொண்டேன். தனித்தனியாக எடுத்தால் கைப்பேசி ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானாக மாற்றிவிடுகிறது. பிறகு ஒவ்வொரு கட்டத்தின் சராசரிக்கும் எந்தப் பொடி மிக அருகில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கச் செய்தேன்.

```python
from PIL import Image
img = Image.open("vallam.jpg").convert("RGB")
small = img.resize((40, 30), Image.Resampling.BOX)
podi = {"வெள்ளை": (228, 226, 220), "மஞ்சள்": (224, 180, 50),
        "காவி": (150, 75, 50), "பச்சை": (60, 130, 70),
        "நீலம்": (50, 90, 165), "கரி": (45, 45, 45)}
def kitta(p):
    return min(podi, key=lambda n: sum((a - b) ** 2
               for a, b in zip(p, podi[n])))
for y in range(30):
    print(y + 1, *[kitta(small.getpixel((x, y))) for x in range(40)])
```

வள்ளம் நன்றாகவே வந்தது. ஆனால் அதன் கீழே இருந்த ஈர மணல் பாதி காவியாகவும் பாதி பச்சையாகவும் திட்டுத் திட்டாக வந்து, வள்ளம் ஏதோ புல்வெளியில் நிற்பதுபோல் ஆகிவிட்டது. படத்தில் அந்த இடத்தில் பச்சை துளியும் இல்லை. இப்படி வேறு யாருக்கேனும் நேர்ந்திருந்தால் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கீழக்கரையிலிருந்து

தம்பி, நீங்கள் தேவையில்லாமல் சுற்றி வளைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். `quantize` என்ற ஒரே கட்டளைக்கு நம் பொடிகளின் நிறங்களைக் கொடுத்துவிட்டால் அதுவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். நான் என் மகளின் படத்தை அப்படித்தான் மாற்றினேன், கணினித் திரையில் மிக அழகாக இருந்தது. மணல் பச்சையானதற்குக் காரணம் உங்கள் படம் மங்கலாக இருப்பதுதான். நிறச் செறிவைக் கூட்டிவிட்டு மறுபடியும் செய்து பாருங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து

அண்ணன் சொன்ன கட்டளையையும் முதலிலேயே முயன்றேன். அது சும்மா விட்டால் ஒரு புள்ளியில் வரும் நிறப் பிழையைப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பகிர்ந்து கொடுத்து, இல்லாத நிறத்தைப் பல நிறப் புள்ளிகளின் கலவையால் காட்டப் பார்க்கிறது. திரையில் அது கண்ணுக்குக் கலந்து தெரியும். வாசலில் 3 அங்குல இடைவெளியில் அவை சிதறிய மிளகாய் விதைபோல் தனித்தனியாகத்தான் தெரிகின்றன. `dither=Image.Dither.NONE` என்று சேர்த்தால் அந்தச் சிதறல் நிற்கிறது, மணல் மட்டும் பச்சையாகவே இருக்கிறது. செறிவைக் கூட்டியதில் வள்ளத்தின் நீலம் தெளிந்தது உண்மைதான், ஆனால் பச்சை இன்னும் கூடிவிட்டது.

தேவிபட்டினத்திலிருந்து

நான் பல ஆண்டுகள் பரமக்குடியில் சேலைக்கு டிசைன் கிராப் போட்டவன். உங்கள் எண்களை வைத்துக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், காரணம் அதிலேயே இருக்கிறது.

ஈர மணலின் சராசரி (142, 128, 112) என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் பொடிகளில் அதற்கு அருகில் இருப்பது காவி, தூரத்தின் வர்க்கம் 6717. நிரல் ஒப்பிடுவதும் அதைத்தான், அதனால் இனி அதையே தூரம் என்கிறேன். அடுத்தது பச்சை, 8492. பக்கத்தில் இன்னும் கொஞ்சம் ஈரமான மணல் (118, 124, 110) என்று இருந்தால், காவிக்கு 7025, பச்சைக்கு 5000. அலை வந்து நனைத்துப்போன அளவு வித்தியாசத்திலேயே வெற்றி காவியிடமிருந்து பச்சைக்கு மாறிவிடுகிறது. நான்கு எண்களும் எவ்வளவு பெரியவை என்று கவனியுங்கள். ஈர மணலுக்கு உங்களிடம் உண்மையில் அருகில் எந்தப் பொடியும் இல்லை. இருப்பவற்றுள் குறைந்த தூரத்தில் இருப்பது எதுவோ அதை நிரல் எடுத்துக் கொடுக்கிறது.

நம் கரையில் எடுக்கும் படங்களில் மணலும் கடலும் பழைய மரமும் பெரும்பாலும் சாம்பலை ஒட்டிய நிறங்கள். கடையில் வாங்கும் பொடிகளோ எல்லாமே பளிச்சென்றவை. ஆகவே நடுவில் நிற்க ஒரு சாம்பல் வேண்டும். வெள்ளைக் கோலப்பொடியில் கரித்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தரையில் தூவிப் படமெடுத்து, (130, 128, 122) போல ஒன்று வரும்வரை பாருங்கள். அந்தச் சாம்பலிலிருந்து நான் சொன்ன இரண்டு மணலுக்கும் தூரம் 244, 304 மட்டுமே.

இனிமேல் செய்யும்போது, ஒவ்வொரு புள்ளிக்கும் தேர்ந்தெடுத்த பொடியின் பெயரோடு அந்தத் தூரத்தையும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். 3000-க்கு மேல் உள்ள புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்திருந்தால், அந்த இடத்துக்குப் பொடி போதவில்லை என்பது கோலம் போடும் முன்பே தெரிந்துவிடும். 3000 என்பது என் கைக்கணக்கு, உங்கள் பொடிகளுக்கு அது மாறலாம்.

தொண்டியிலிருந்து

தம்பி, எனக்குக் கணினி தெரியாது, ஆனால் நாற்பது வருடமாக மார்கழியில் கோலம் போடுகிறேன். புள்ளி வைத்தால் அதைச் சுற்றிக் கோடு வளைந்து வர வேண்டும். படத்தைக் கொடுத்தால் எந்தப் புள்ளியைச் சுற்றி இழை எப்படிப் போக வேண்டும் என்று இது சொல்லுமா? சொன்னால் என் பேத்தியின் படத்தைச் சிக்குக் கோலமாகப் போட எனக்கும் ஆசை. இன்னொன்று, இவ்வளவு பெரிய கோலத்தை ஏன் நேர்ப்புள்ளியில் வைக்கிறீர்கள்? இடைப்புள்ளியில் வைத்தால் வளைவுகள் நன்றாக வரும்.

தேவிபட்டினத்திலிருந்து

அம்மா, இந்த முறை புள்ளிக்கு நிறம் மட்டும்தான் சொல்லும், இழை போகும் வழியைச் சொல்லாது. சிக்குக் கோலத்துக்கு இது உதவாது.

இடைப்புள்ளி பற்றி நீங்கள் சொன்னது சரி. படகின் வளைந்த விளிம்பு அதில் படிக்கட்டுபோல் தெரியாது. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் கட்டத்தை அரைக் கட்டம் தள்ளிச் சராசரி எடுத்தால் போதும். ஆனால் இடைப்புள்ளி வைக்கும் கை, மூன்று பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று வரிசைகளைத் தானாகவே நெருக்கிவிடும். புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம் என்றால் வரிசைக்கு வரிசை சுமார் 2.6 அங்குலம்தான் வரும். 30 வரிசையில் 90 அங்குல உயரம் 78 ஆகச் சுருங்கி, வள்ளம் மேலிருந்து அமுக்கியதுபோல் தட்டையாகிவிடும். அதே உயரம் வேண்டுமென்றால் படத்தை உயரவாட்டில் 35 வரிசையாகப் பிரிக்க வேண்டும். சேலைக் கிராப்பிலும் பாவும் ஊடும் ஒரே நெருக்கத்தில் இல்லாதபோது இதே தொல்லை வரும், அதனால்தான் இது எனக்கு உடனே கண்ணில் பட்டது.

மண்டபத்திலிருந்து

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பொடிக்குப் பதில் கல் உப்பில் வண்ணம் கலந்து, இதே போன்று 25 புள்ளி, 25 வரிசையில் பாம்பன் பாலத்தைப் போட்டோம். உப்பின் நிறங்களைப் பகலில் காய்ந்த நிலையில் படமெடுத்துக் கணக்கிட்டிருந்தோம். இரவு பத்து மணிக்குப் போட்டு முடித்த கோலம், விடியற்காலையில் கடற்காற்றின் ஈரத்தை இழுத்து எல்லா நிறமும் இரண்டு படி கறுத்திருந்தது. இளம் சாம்பலாகப் போட்ட பாலத்தின் தூண்களுக்கும் நீலமாகப் போட்ட கடலுக்கும் வேறுபாடே தெரியவில்லை. உப்பில் போடுகிறவர்கள் அதை ஓர் இரவு வெளியில் வைத்து, காலையில் எடுத்த நிறத்தைத்தான் கணக்குக்குக் கொடுக்க வேண்டும்.

தங்கச்சிமடத்திலிருந்து

தேவிபட்டினத்து ஐயா சொன்னபடி சாம்பலைக் கலந்து சேர்த்தேன். மணல் முழுவதும் ஒரே நிறமாக அமைதியாக வந்துவிட்டது. ஆனால் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கடலையும் அதே சாம்பல் விழுங்கிவிட்டது. கடலின் சராசரி (95, 125, 140). அதற்குச் சாம்பல் 1558 தூரத்திலும், நீலம் 3875 தூரத்திலும் இருந்தன. நீலப் பொடியில் வெள்ளையும் ஒரு சிட்டிகை கரியும் கலந்து (105, 140, 165) என்ற மங்கிய நீலத்தைச் செய்து சேர்த்த பிறகு, தூரம் 950 ஆகிக் கடல் தன் நிறத்துக்குத் திரும்பியது. ஆக மொத்தம் எட்டு பொடிகள். நேர்ப்புள்ளியிலேயே போட்டோம். இடைப்புள்ளியா நேர்ப்புள்ளியா என்பதில் வீட்டில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது.

பொங்கலன்று அதிகாலையில், ஒரே நிறம் தொடர்வதைச் சேர்த்து எழுதிய தாளைத் தங்கை வாசித்தாள். "பன்னிரண்டாவது வரிசை: மங்கல் நீலம் ஏழு, நீலம் பதினொன்று, கரி இரண்டு" என்று அவள் சொல்லச் சொல்ல அம்மா பொடியைத் தூவினார். 1200 பெயர்களாக வாசித்திருந்தால் பாதியிலேயே வரிசை தவறியிருக்கும்.

அணியத்திலிருந்து நங்கூரத்துக்குப் போகும் கயிறு மட்டும் கோலத்தில் வரவேயில்லை. படத்தில் அது 12 பிக்சல் தடிமன்தான் என்பதால், 100 பிக்சல் கட்டத்தின் சராசரியில் கடலின் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்ததோடு கரைந்துபோயிருந்தது. புள்ளிகளை 80 ஆக்கினாலும் அது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, கயிறு எங்கே என்றுதான் முதலில் கேட்டார். அம்மா வெள்ளைப் பொடியை இரு விரலில் எடுத்து, புள்ளிகளுக்கு மேலாகவே அணியத்திலிருந்து வாசல்படி வரைக்கும் ஒரே இழையாக இழுத்துவிட்டார்.