மீட்டிங்குக்கு ஹியரிங் எய்டு ஸ்ட்ரீமர் வேணும், ஆபீஸுக்கு லெட்டர் எழுதிருக்கேன், பாத்து சொல்லுங்க

சிறுவாணி: வணக்கம். ரெண்டு காதுலயும் கேக்கறது குறைவு, காதுக்குப் பின்னாடி மாட்டுற மெஷின் போட்டிருக்கேன், கோயம்புத்தூர்ல பிரைவேட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை. நேர்ல பேசினா உதட்டப் பாத்து புரிஞ்சுக்குவேன், ஆனா டீம்ஸ் மீட்டிங்ல பாதிப் பேர் கேமரா போடறதில்ல, லேப்டாப் ஸ்பீக்கர் சத்தமும் ஏசி சத்தமும் ஒண்ணா மெஷினுக்குள்ள போயி, இன்வாய்ஸ் தொகை பிஃப்டீனா பிஃப்டியான்னே பிரியாது. ஹெச்ஆர்ல நல்ல ஹெட்செட் குடுத்தாங்க, காதை மூடின உடனே மெஷின் கீய்ய்னு கத்துது. மீட்டிங் சத்தத்த நேரா மெஷினுக்கே அனுப்புற ஸ்ட்ரீமர் வாங்கச் சொல்றாங்க ஆடியாலஜிஸ்ட். லெட்டர் இது:

"நான் செவித்திறன் குறைபாடு உள்ளவர். வீடியோ மீட்டிங்குகளில் தெளிவாகக் கேட்க வயர்லெஸ் கருவி ஒன்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

போதுமா?

மருதமலை: எதுக்குங்க செலவு, இப்ப வர்ற மெஷின் எல்லாத்துலயும் ப்ளூடூத் இருக்கு, லேப்டாப்ல நேரா பேர் பண்ணிடுங்க.

காதுமெஷின்காரன்: எல்லாத்துலயும் இல்லீங்க. சில மெஷின் சாதா ப்ளூடூத்ல லேப்டாப்போட சேரும், நிறைய மெஷின் போனோட மட்டும்தான் சேரும். சேர்ந்தாலும் இன்னொரு சிக்கல், மெஷின் மைக்கையே மீட்டிங் எடுத்துக்கிச்சுன்னா ப்ளூடூத் கால் மோடுக்கு மாறிடும், சத்தம் மொத்தையாகி ச, ஃப மாதிரி எழுத்தெல்லாம் மங்கிடும். சோதிச்சுப் பாக்கணும்னா ஒரு வீடியோவ ஓடவிட்டுட்டு அப்படியே மீட்டிங்ல சேருங்க, அந்த நொடில சத்தம் மாறுறது காதுல தெரியும். மீட்டிங் செட்டிங்ஸ்ல மைக்க மட்டும் லேப்டாப் மைக்னு மாத்தினா பல சமயம் சரியாகும், எப்பவும்னு சொல்ல முடியாது.

சிறுவாணி, உங்க லெட்டர்ல "வயர்லெஸ் கருவி"ன்னு மட்டும் இருந்தா இன்னொரு ஹெட்செட்தான் வரும். ஏற்கனவே குடுத்தது ஏன் ஒத்து வரலன்னு எழுதுங்க. இப்படி வச்சுப் பாருங்க:

"எனக்கு வழங்கப்பட்ட ஹெட்செட் என் செவித்துணைக் கருவியின் மைக்கை மூடுவதால் விசில் சத்தம் எழுகிறது. லேப்டாப் ஸ்பீக்கரில் அறைச் சத்தமும் கலப்பதால் எண்கள் பிரிந்து கேட்பதில்லை. மீட்டிங் ஒலியை நேரடியாக என் கருவிக்கு அனுப்பும் ஸ்ட்ரீமர் தேவை. ஆடியாலஜிஸ்ட் கடிதம், மாடல் பெயர், கொட்டேஷன் இணைத்துள்ளேன். வாங்கும் முன் என் ஆபீஸ் லேப்டாப்பில் ஐடி பிரிவினர் முன்னிலையில் சோதிக்க அனுமதி வேண்டும். கருவி நிறுவனச் சொத்தாக இருக்கலாம். எழுத்தில் பதில் அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

ஐடி வரிய எடுத்துடாதீங்க. ஆபீஸ் லேப்டாப்ல ப்ளூடூத்தையே பூட்டி வச்சிருப்பாங்க. யூஎஸ்பில குத்துற மாடல்னா சவுண்ட் கார்டு மாதிரிதான் லேப்டாப்புக்குத் தெரியும், பென்டிரைவ் தடுக்கிற பூட்டு பெரும்பாலும் இதத் தடுக்காது, ஆனா அவங்க கண்ணு முன்னாடி ஓடிக்காட்டுறது நல்லது.

பீளமேடு வக்கீல்: 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 20வது பிரிவப் போடுங்க, குடுத்தே ஆகணும்.

காதுமெஷின்காரன்: சார், 20ல நியாயமான வசதி செஞ்சு தரணும்னு நேரா சொல்றது அரசு நிறுவனத்துக்குத்தான். பிரைவேட்டுக்குப் பிடி 21வது பிரிவு, சம வாய்ப்புக் கொள்கை. 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற கம்பெனின்னா அந்தக் கொள்கைல உதவிக் கருவிகள் பத்தியும், மாற்றுத்திறனாளி ஊழியர் விஷயத்தப் பாக்கிற லயசன் ஆபீசர் பத்தியும் இருக்கணும்னு 2017 விதிகள் சொல்லுது. அதனால அந்தக் கொள்கையக் காட்டச் சொல்லி, லயசன் ஆபீசர் பேருக்கே லெட்டரக் குடுங்க. முதல் லெட்டர்லயே சட்டத்த வச்சு மிரட்டற தொனி வேணாம்னு என் கருத்து.

பீளமேடு வக்கீல்: ஒத்துக்க மாட்டேன், ஒரு வரியாவது சட்டம் இருந்தாத்தான் ஃபைல் நகரும்.

கலா அக்கா: எங்கம்மாவுக்கு டிவி சத்தம் கேக்கல, இந்த ஸ்ட்ரீமர் அதுக்கும் ஆகுமா? ஆபீஸ்ல மெஷினுக்கே பணம் குடுப்பாங்களா தம்பி?

காதுமெஷின்காரன்: அக்கா, அவர் மெஷினுக்குக் கேக்கல, மீட்டிங் சத்தத்த மெஷினுக்குள்ள கொண்டு போற துணைக்கருவிக்குத்தான் கேக்கறார். டிவிக்கு தனி பெட்டியே வருது, அம்மா மெஷின் எந்த கம்பெனின்னு பாத்து பெரும்பாலும் அதே கம்பெனிதான் வாங்கணும்.

சிறுவாணி, உங்களுக்கும் இதே விஷயம்தான், ஸ்ட்ரீமர் பெரும்பாலும் அதே பிராண்டு மெஷினோடதான் பேசும். உங்க மெஷின்ல டெலிகாயில், அதாவது சத்தத்த காந்த அலையாப் பிடிக்கிற சின்னக் கம்பிச்சுருள், இருந்தா கழுத்துல போடுற லூப் எந்த பிராண்டுக்கும் ஆகும், செலவும் கம்மி, ஆனா ஆடியாலஜிஸ்ட் அந்த புரோகிராம ஆன் பண்ணித் தரணும், மின்சார ஒயர் பக்கத்துல இருந்தா உர்ர்னு ஒரு இரைச்சல் வரும். உங்க சீட்லயே போட்டுப் பாத்துட்டு முடிவெடுங்க.

சிறுவாணி: ரொம்ப நன்றிங்க. டெலிகாயில் இருக்காம், ஆடியாலஜிஸ்ட் ஆன் பண்ணித் தரேன்னுட்டாங்க. லெட்டர மாத்தி ஹெச்ஆருக்கு அனுப்பிட்டேன், ஐடில ப்ளூடூத் திறக்க முடியாது, யூஎஸ்பினா கொண்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணு மட்டும் ஹெச்ஆர்ல கேக்கறாங்க, நாளைக்கு நான் வேலைய விட்டா வேற பிராண்டு மெஷின்காரருக்கு இது ஆகாதே, அப்ப யார் தலைல கட்டுறதுன்னு. இதுக்கு உங்க ஆபீஸ்ல என்ன எழுதிக் குடுத்தீங்க?