உதவி: பிளானில் C20/25 என்று இருக்கிறது, 1:1.5:3 போட்டால் போதுமா?

பிஎம்_சுரேன்:
வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் தரைவீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டுகிறோம். மாநகர் மன்றத்தில் பிளானுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அடித்தளம், தூண், பீம் எல்லாவற்றுக்கும் C20/25 தரக் கான்கிரீட் என்று எஞ்சினியர் குறித்திருக்கிறார். குத்தகையாளர் அது M20தான், சிமெண்டு, மணல், கல் 1:1.5:3 போட்டால் சரி என்கிறார். போன வாரம் ஒரு மூலையில் அடித்தளத்துக்கு அந்தக் கணக்கில்தான் கலந்தார்கள். சிமெண்டு பையாகப் போட்டார்கள், மணலும் கல்லும் வாளியில் அளந்தார்கள்.

கலவை கல் கல்லாக வந்தது. கரணையால் தேய்த்தால் மேலே மூடவே இல்லை. ஆட்கள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்கள். கொட்டிய பிறகு மேலே தண்ணீர் தேங்கியது. பலகையைப் பிரித்தால் ஒரு பக்கம் கல் தெரிகிறது, விரல் நுழையும் அளவுக்கு இரண்டு பொந்து. முந்தின நாள் இரவு நல்ல மழை, மணல் வெளியில்தான் கிடந்தது. அடுத்தது தூண். அதற்கு முன் என்ன மாற்ற வேண்டும்?

மாறன்_பட்டர்வொர்த்:
தம்பி, இத்தனை வருஷமாக வீட்டு வேலைக்கு 1:2:4தான் போடுகிறோம், எதுவும் இடிந்து விழவில்லை. 1:1.5:3 அதைவிட நல்ல கலவை. கல் தெரிந்தால் மணல் குறைவு, அவ்வளவுதான். அடுத்த தடவை ஒரு வாளி மணல் கூடப் போடுங்கள், பயமாக இருந்தால் அரைப் பை சிமெண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கங்கா_ஜூரு:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். சுவர்ப் பூச்சு முழுக்க முடி மாதிரி வெடிப்பு. 1:4 போட்டார்கள். 1:6 போட்டிருக்க வேண்டுமா?

செல்வி_லேப்:
கங்கா அக்கா, பூச்சில் கல் கிடையாது, அது வேறு கணக்கு. தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

சுரேன், மணல் குறைவு என்று மாறன் அண்ணன் சொன்னது சரி. ஏன் குறைந்தது என்பதுதான் முக்கியம். ஈர மணல் உப்பும். ஒவ்வொரு மணியைச் சுற்றியும் தண்ணீர் படலம் இருப்பதால் மணிகள் நெருங்கி உட்காராது. நம் ஊர் மழையில் நனைந்த மணல் காய்ந்ததைவிட கால் பங்கு கூட இடம் பிடிப்பது சாதாரணம். வாளி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். அதனால் 1:1.5:3 என்று அளந்தாலும் உங்களுக்கு விழுந்தது 1:1.2:3 மாதிரிதான். கல்லின் இடுக்கை நிரப்ப மணல் போதவில்லை. கரணையால் தேய்த்தும் மேலே மூடாதது அதனால்தான். அதை ஆட்கள் தண்ணீரால் சரிசெய்யப் பார்த்தார்கள். தண்ணீர் கல்லை மூடாது, சிமெண்டுக் கூழை நீர்த்துப்போக வைக்கும். பொந்தும் மேலே தேங்கிய தண்ணீரும் அப்படி வந்தவைதான்.

சைட்டிலேயே பார்க்கலாம். நேரான கண்ணாடிப் பாத்திரத்தில் ஈர மணலை 20 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள், அழுத்தாதீர்கள். அதை வெளியே கொட்டிவிட்டு, பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலை மெதுவாகத் திரும்பப் போட்டுக் கிளறிப் படியவிடுங்கள். 16 செ.மீ.க்கு இறங்கினால் 4 செ.மீ. காற்றைத்தான் அளந்திருக்கிறீர்கள். அப்போது உப்பல் 25 விழுக்காடு.

பிஎம்_சுரேன்:
இப்போதுதான் செய்து பார்த்தேன், கிட்டத்தட்ட நீங்கள் சொன்ன அளவுதான் இறங்கியது. அப்படியானால் எத்தனை வாளி?

செல்வி_லேப்:
வாளியை விடுங்கள், ஒரு பெட்டி அடியுங்கள். உள் அளவு 35, 25, 40 செ.மீ. அது 35 லிட்டர். 50 கிலோ பை ஒன்றின் சிமெண்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிமெண்டை மட்டும் எப்போதும் பையாகவே போடுங்கள், பெட்டியில் கொட்டினால் அதுவும் உப்பும். பையில் எடை 50 தானா என்றும் பாருங்கள்.

1:1.5:3க்கு ஒரு பைக்குக் கல் மூன்று பெட்டி. கல் உப்பாது. காய்ந்த மணல் என்றால் ஒன்றரைப் பெட்டி. உங்கள் மணலுக்கு அதில் கால் பங்கு கூட்டினால் இரண்டு பெட்டிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பெட்டியின் உட்புறத்தில் கோடு போட்டுவிட்டால் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம். மழை பெய்த மறுநாள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

தண்ணீர் ஒரு பைக்கு மொத்தம் 25 லிட்டர். மணலிலேயே சுமார் 4 லிட்டர் இருக்கும், அதனால் 21 ஊற்றினால் போதும். மொத்தம் 30 ஆனால் வலிமை ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடும்.

இதைவிட முக்கியம், C20/25 என்பது M20 இல்லை. C-யில் முதல் எண் உருளை வடிவ மாதிரியை உடைத்த வலிமை, இரண்டாவது எண் கன சதுரத்தை உடைத்தது. இந்தியாவில் M-க்குப் பக்கத்தில் வருவது கன சதுர வலிமை. அதனால் உங்கள் பிளானுக்குச் சமம் M25. அங்கத்திய கான்கிரீட் தரநிலையான IS 456:2000 இப்படி விகிதம் சொல்லிக் கலப்பதை M20 வரைதான் விடுகிறது, M25க்குக் கலவையை வடிவமைக்கச் சொல்கிறது. அடித்தளத்துக்குக் கீழே விரிக்கும் வெறும் கான்கிரீட்டுக்கு 1:3:6, கம்பி போடாத தரைக்கு 1:2:4, இவை பெட்டியில் அளந்து தாராளமாகப் போடலாம். தூணுக்கும் பீமுக்கும் ரெடிமிக்ஸ் சொல்லுங்கள். டெலிவரி சீட்டில் C20/25 இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இறக்குங்கள், லாரியில் தண்ணீர் சேர்க்க விடாதீர்கள்.

மாறன்_பட்டர்வொர்த்:
C20/25 விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. ஆனால் அவர் வீட்டுப் பின்சந்தில் ரெடிமிக்ஸ் லாரி நுழையாது, ஆறு தூணுக்கு ஒரு கியூபிக் மீட்டர்கூட வராது. குறைந்த லோடுக்குக் கூடுதல் காசு வாங்குவார்கள். 1:1:2 கலந்தால் M25 வரும், நான் செய்திருக்கிறேன்.

செல்வி_லேப்:
வரலாம் அண்ணே, ஆனால் வந்ததா என்று கியூப் உடைத்தால்தான் தெரியும். ஒரு கியூபிக் மீட்டருக்கு 11 பை சிமெண்டு போகும். அவ்வளவு சிமெண்டு சுருங்கி வெடிக்கவும் செய்யும். வேறு வழியே இல்லை என்றால் எஞ்சினியரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, 15 செ.மீ. கியூப் சிலது எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். 7 நாளில் மூன்றில் இரண்டு பங்கு வலிமை வந்திருந்தால் நிம்மதி, முடிவு 28 நாளில். அப்புறம் சிமெண்டுப் பையையும் பாருங்கள். CEM என்று தொடங்க வேண்டும். MC என்று இருந்தால் அது செங்கல் கட்டவும் பூசவும் மட்டும்தான், கம்பிக் கான்கிரீட்டுக்கு வேண்டாம்.

பிஎம்_சுரேன்:
பையில் CEM II/B-L 32.5 N. லாரி முன்வாசலில் நிற்கும், அங்கிருந்து தள்ளுவண்டியில் கொண்டுபோகலாமா என்று குத்தகையாளரிடம் கேட்டிருக்கிறேன். ஏற்கெனவே போட்ட மூலையைச் சிமெண்டு பூசி மூடிவிடலாம் என்கிறார்.

செல்வி_லேப்:
தள்ளுவண்டி சரிதான், தண்ணீர் பட்டு 2 மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க ஆள் போதுமா என்று மட்டும் பாருங்கள். அந்த மூலையைப் பூசவே வேண்டாம், பூசினால் பொந்தின் ஆழம் மறைந்துவிடும். தளர்ந்த கல்லைத் தட்டி எடுத்து, கம்பி தெரிகிறதா என்று பார்த்துப் படம் எடுத்து எஞ்சினியருக்கு அனுப்புங்கள். உடைத்துத் திரும்பப் போடுவதா, அடைப்பதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை அதன் மேல் தூணுக்குக் கம்பி கட்டாதீர்கள்.