பல் எண்களை மாற்றும்போது பதிவு கெடாமலிருக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ஒரு பல் கிளினிக்கில் பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவரின் பதிவு, 1 முதல் 32 வரை எண்ணும் யுனிவர்சல் முறையில் இருக்கிறது. எங்களுக்கு எஃப்டிஐ இரண்டிலக்க முறை வேண்டும்.

முதலில் கணினியில் 1-லிருந்து வரிசையாகத் தேடி மாற்றினேன். 3 என்பது வலது மேல் முதல் கடைவாய்ப் பல். அது 16 ஆனது சரி. அப்புறம் 16-ஐ மாற்றும் முறை வந்ததும் அதுவும் 28 ஆகி, அடைத்த பல் இடது பக்க ஞானப்பல்லாகிவிட்டது. ஈறுப் பை ஆழம் 3 மி.மீ. என்று இருந்த இடமும் மாறிப்போனது! நல்லவேளை, அத்தோடு நிறுத்தி எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டபோது பிடிபட்டது. இப்போது மூலப் பதிவைத் தொடாமல், பக்கத்தில் தனிப் பத்தி போட்டு, பல் எண்ணை மட்டும் அட்டவணை பார்த்து எழுதுகிறேன்.

மீதிச் சிக்கல் ஒரே வரியில். “14, வேர் சிகிச்சை” என்று கையால் எழுதியிருக்கிறது. எந்த முறை என்று குறிப்பில்லை. யுனிவர்சல் என்றால் அது 26, இடது மேல் முதல் கடைவாய்ப் பல். எஃப்டிஐ என்றால் வலது மேல் முதல் முன்கடைவாய்ப் பல். எக்ஸ்ரேயில் இரண்டிலுமே வேர் அடைப்பு தெரிகிறது. மருத்துவர் உறுதிசெய்யும்வரை இதை மாற்றாமல் விடுவீர்களா? பக்கத்தில் என்ன குறிப்பு எழுதுவீர்கள்?